மாசக் கடைசியில் மிஞ்சாத பணம் எங்கே போகிறது?

கேள்வி: வீட்டுக்கு மாசம் 45 ஆயிரம் வருகிறது. ஆடம்பரமாக ஒன்றும் செலவு பண்ணுவதில்லை, ஆனாலும் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. நமக்கே தெரியாமல் போகிற சின்னச் சின்னப் பணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

நான் குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறவன். முதலாளியின் கணக்கில் ஐந்து ரூபாய் இடித்தாலும் ராத்திரி உட்கார்ந்து தேடுவேன். சொந்த வீட்டுக் கணக்கைப் போன வருஷம் வரை ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது ஒரு எஸ்எம்எஸ். சம்பளம் ஏறிய அடுத்த நிமிஷமே அதில் 590 ரூபாய் கழிந்திருந்தது. எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, வீட்டுக்காரிக்கும் தெரியவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். வீட்டில் இருக்கும் மூன்று கணக்குகளுக்கும் ஒரு வருஷ ஸ்டேட்மென்ட் எடுத்தேன். என்னுடையது, வீட்டுக்காரியுடையது, அவள் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் திறந்து கொடுத்த பழைய சம்பளக் கணக்கு. ஒரு மாச ஸ்டேட்மென்ட் போதாது, ஏனென்றால் பாதிப் பிடித்தம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஏடிஎம் கார்டுக்கு அந்தக் கார்டு வந்த மாசத்தில், அரசுக் காப்பீட்டுக்கு மே கடைசியில், இப்படி. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எடுத்தால் எதுவும் தப்பாது.

பிறகு ஒரு சிவப்புப் பேனா. மீன்காரருக்குக் கொடுத்தது, பெட்ரோல், பள்ளிக்கூட வேன், கோயில் தலைக்கட்டு வரி என்று நான் கைப்பட அனுப்பியதை எல்லாம் விட்டுவிட்டேன். அதெல்லாம் கூடுதலோ குறைவோ, நமக்குத் தெரிந்து போன பணம். நான் போனில் கை வைக்காமலே போன பணத்தை மட்டும் வட்டமிட்டேன். மூன்று கணக்கிலும் சேர்த்து நாற்பதுக்குக் கொஞ்சம் மேல் வட்டம் வந்தது. எங்கள் ஆச்சி பணத்தைச் சக்கரம் என்றுதான் சொல்வாள், திருவிதாங்கூர் காலத்துப் பழக்கம். அன்றைக்கு அந்தப் பேப்பரைப் பார்த்தபோது, சக்கரம் நன்றாகவே உருண்டிருக்கிறது என்று தோன்றியது.

முதலில் அந்த 590. என் பைக் லோனுக்கு மாசா மாசம் 5-ம் தேதி 3,450 ரூபாய் பிடிப்பார்கள். எனக்குச் சம்பளம் வருவது 7-ம் தேதி. பெரும்பாலும் முந்தின மாசத்து மிச்சம் கிடக்கும், அதனால் சிக்கல் வராது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற செலவு, நவம்பரில் தீபாவளி முடிந்த வறட்சி. அந்த இரண்டு மாசமும் 5-ம் தேதி கணக்கில் பணம் இல்லை. ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது, நானும் 7-ம் தேதி ஜிபேயில் கட்டிவிட்டேன். இரண்டு நாள்தானே தாமதம், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. தவணை திரும்பிப் போனதற்கு என் வங்கி 500 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 590 போட்டிருந்தது. ஜூனில் கம்பெனிக்காரர்கள் 5-ம் தேதி ஒரு தடவை, அடுத்த நாள் ஒரு தடவை என்று இரண்டு முறை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி 590. கம்பெனி தன் பங்குக்கு மாசம் 500 சேர்த்திருந்தது. ஆக இரண்டு தாமதத்துக்கு நான் கொடுத்த விலை வங்கிக்கு 1,770, கம்பெனிக்கு 1,000.

இது ஏன் கண்ணில் படுவதில்லை என்பதுதான் விஷயம். திரும்பிப் போகிற அன்றைக்குக் கணக்கில் காசு இருக்காது, அதனால் வங்கியால் அபராதத்தை எடுக்க முடியாது. பாக்கியாக வைத்திருந்து, சம்பளம் ஏறிய உடனே முதல் ஆளாக எடுத்துக்கொள்ளும். நமக்குச் சம்பள எஸ்எம்எஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஸ்டேட்மென்டில் ACH என்ற எழுத்தும் பக்கத்தில் RTN அல்லது RETURN என்றும் இருந்தால் அது இந்த வகை. வங்கிக்கு வங்கி எழுதுகிற விதம் மாறும், ஆனால் 590, 295 மாதிரி ஜிஎஸ்டி சேர்ந்த தொகையாக நிற்கும்.

கம்பெனியில் தேதியை 10-க்கு மாற்றித் தரக் கேட்டேன். ஓடிக்கொண்டிருக்கிற லோனுக்கு முடியாது என்றார்கள். சரி என்று, ஒரு தவணைப் பணம் 3,450-ஐ அந்தக் கணக்கில் போட்டுவிட்டு, கணக்கில் அதற்குக் கீழே காசே இல்லை என்று வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

இரண்டாவது, மகனுக்காக ஏற்றிய ஒரு பாட ஆப். ஏழு நாள் பார்க்க ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்கு யுபிஐ பின் போட்டபோதே, மாசம் 299 எடுத்துக்கொள்ள அனுமதியும் கொடுத்துவிட்டேன் என்பதை நான் படிக்கவில்லை. நாலாவது நாளே அவனுக்கு அலுத்துப்போய் ஆப்பை அழித்தான். ஆப் போனது, அனுமதி போகவில்லை. ஒன்பது மாசம் 299 போயிருக்கிறது, மொத்தம் 2,691.

இதில் யாரும் திருடியதாகச் சொல்ல முடியாது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, ஒன்பது மாசமும் சொல்லியிருக்கிறார்கள். நகைக்கடைத் தள்ளுபடிச் செய்திகளுக்கு நடுவில் அது புதைந்து கிடந்தது. உங்கள் எஸ்எம்எஸ் பெட்டியில் mandate என்றும் autopay என்றும் தேடிப் பாருங்கள், எத்தனை ஓடுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நிறுத்துவதற்கு இரண்டு இடம் இருக்கிறது, இரண்டையும் பார்க்க வேண்டும். யுபிஐ ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டு உள்ளே போனால் Autopay என்று இருக்கும். ஒவ்வொரு அனுமதியாகத் திறந்து ரத்து செய்யலாம், பின் கேட்கும். Pause கொடுத்தால் தற்காலிக நிறுத்தம்தான், திரும்ப ஆரம்பிக்கும். Cancel அல்லது Revoke என்பதைத்தான் தொட வேண்டும். ஜிபே, போன்பே என்று இரண்டு மூன்று வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டும். இன்னொரு இடம் ப்ளே ஸ்டோர். அங்கே Payments & subscriptions என்பதில் அதன் வழியாக வாங்கிய சந்தாக்கள் வரிசையாக நிற்கும். அந்த ஆப் கம்பெனிக்கு மெயில் போட்டேன், கடைசி மாசத்து 299-ஐ மட்டும் திருப்பித் தந்தார்கள். அதுவும் கேட்டதால்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு வட்டம் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ரத்து செய்துவிடாதீர்கள். லோன் தவணையை ரத்து செய்தால் மேலே சொன்ன அபராதக் கதை திரும்ப ஆரம்பிக்கும். டேர்ம் இன்சூரன்ஸ் பிரீமியத்தை வெட்டினால் பாலிசியே போய்விடும்.

மூன்றாவது, பழைய சம்பளக் கணக்கு. புது ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் அதை மறந்துவிட்டோம். மூவாயிரம் சொச்சம் கிடந்ததால் பிடித்தம் மட்டும் ஒழுங்காக நடந்தது. கார்டுக்கு 236, எஸ்எம்எஸ் தகவலுக்குக் காலாண்டுக்கு 17.70. என் கணக்கில் நான் தொடாத இன்னொரு கார்டுக்கும் ஒரு 236.

அதோடு மே மாசத்தில் PMJJBY என்று 436, PMSBY என்று 20. முதலாவது ஆயுள் காப்பீடு, இரண்டாவது விபத்துக் காப்பீடு, இரண்டும் தலா இரண்டு லட்சம். நல்ல திட்டங்கள்தான். ஆனால் அவளுடைய இப்போதைய கணக்கிலும் அதே மே மாசம் அதே 436, அதே 20. “ரெண்டு எடத்துல கட்டுனா நாலு லச்சம் வரும்லா?” என்றாள். வராது. ஒருவருக்கு ஒரு கணக்கு வழியாக மட்டும்தான், எத்தனை கணக்கில் பிடித்தாலும் இரண்டு லட்சம்தான். கூடுதலாகக் கட்டிய பிரீமியம் திரும்பி வராது என்று விதியிலேயே இருக்கிறது. புதுக் கணக்கு திறக்கும்போது மேசையில் நீட்டுகிற தாள்களில் இதற்கும் ஒரு கையெழுத்து போட்டிருப்பாள், நாமும் போட்டிருப்போம்.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்றால், வாரிசு பெயர் சரியாக இருக்கிற, மே கடைசியில் நிச்சயம் காசு இருக்கிற கணக்கு. மற்றதை மே மாசம் தொடங்கும்போதே எழுதிக் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். ஜூன் 1-ல் புது வருஷம் ஆரம்பித்துவிட்டால் அந்த வருஷம் போனதுதான். நாங்கள் அந்தக் கணக்கையே மூடினோம். மூடுவதற்கு முன்னால் பிஎஃப் எந்தக் கணக்கோடு இருக்கிறது, ஆதார் வழியாக வருகிற பணம் எதில் விழுகிறது என்று பார்த்து மாற்றிக்கொண்டோம். நாகர்கோவில் கிளைக்கு நேரில்தான் போக வேண்டியிருந்தது. கார்டையும் மிச்சமிருந்த செக் தாள்களையும் வாங்கிக்கொண்டார்கள். கணக்கு திறந்து ஒரு வருஷம் தாண்டியிருந்ததால் மூடுவதற்குக் கட்டணம் இல்லை.

எல்லாம் கூட்டினால் வருஷத்துக்கு 6,460 ரூபாய். மாசம் 540 அளவில். உங்கள் 45 ஆயிரம் முழுக்க இப்படியே கரைகிறது என்று நான் சொல்ல மாட்டேன். மிச்சத்துக்கு மளிகைக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும், அது வேறு வேலை. ஆனால் இந்த 540-ஐ நிறுத்த நாங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வங்கிக்கு ஒரு அரை நாள் லீவும்தான் செலவு.

இந்த உற்சாகத்தில் அம்மாவின் பென்ஷன் கணக்கிலும் எஸ்எம்எஸ் கட்டணத்தை நிறுத்தலாம் என்று போனேன். அம்மா விடவில்லை. “மாசம் ஒண்ணாந்தேதி அந்த டிங்குனு சத்தம் கேக்கணும் மக்கா, கேட்டாத்தான் எனக்குப் பென்ஷன் வந்த மாதிரி இருக்கும்.” வருஷம் 70 ரூபாய் 80 காசு. அதற்கு மட்டும் வட்டத்தை அடித்துவிட்டேன்.