லாபம் இருக்கிறது, பணம் எங்கே? சிறுதொழில் கணக்குக் கேள்வி பதில்

(கோலாலம்பூரில் சிறு நிறுவனங்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதி வரும் ஒருவர் பதிலளிக்கிறார்.)

செராஸ், துப்புரவுக் குத்தகை எடுப்பவர்: ஐயா, போன ஜனவரியில் 90,000 ரிங்கிட் போட்டு ஒரு கட்டடத்தின் குத்தகையைத் தொடங்கினேன். மாதம் 50,000 பில், செலவு 44,000, பணம் 60 நாளில். மார்ச் சம்பளத்துக்கே தம்பியிடம் கடன் வாங்கினேன். இப்போது கணக்காளர் 72,000 லாபம் என்கிறார், வங்கியில் 62,000தான் இருக்கிறது. யார் சொல்வது தவறு?

இருவர் சொல்வதும் சரிதான், சகோதரி. ஜனவரி மாத வேலைக்கு நீங்கள் 31ஆம் தேதி பில் அனுப்பிய அன்றே கணக்காளர் அந்த 50,000 ரிங்கிட்டை வருமானமாக எழுதிவிடுவார். ஆனால் அது உங்கள் வங்கிக்கு வர வேண்டிய நாள் மார்ச் கடைசி. அதுவரை சம்பளம் காத்திருக்காது. ஜனவரி முடிவில் 44,000 போய்க் கையில் 46,000 நின்றது. பிப்ரவரி முடிவில் 2,000 மட்டுமே மிஞ்சியது. மார்ச் 31 அன்று மீண்டும் 44,000 கொடுக்க வேண்டியிருந்தபோது, வாடிக்கையாளரின் பணம் சில நாட்கள் தாமதமாகியிருக்கும். உங்களுக்கு 42,000 குறைந்தது, தம்பியிடம் போனீர்கள். அந்த மார்ச் மாதத்திலும் லாபம் 6,000 என்றுதான் கணக்குப் புத்தகம் காட்டியிருக்கும்.

டிசம்பர் 31 அன்று நவம்பர், டிசம்பர் மாதங்களின் இரண்டு பில்கள், ஆக 100,000 ரிங்கிட், இன்னும் வராமல் நின்றன. 72,000 லாபத்திலிருந்து அதைக் கழித்தால் 28,000 குறைவு. நீங்கள் போட்ட 90,000இலிருந்து அந்த 28,000 போக மிச்சம் 62,000. ஒரு காசும் காணாமல் போகவில்லை. உங்கள் லாபம் முழுவதும், அதோடு நீங்கள் போட்ட முதலில் ஒரு பங்கும், அந்தக் கட்டடத்துக்காரரிடம் கடனாக இருக்கின்றன. இனி மாதம் 6,000 வீதம் சேர்ந்தால், போட்ட 90,000 முழுதாகத் திரும்ப இந்த ஆண்டு மே மாதம் ஆகும். வருமான வரியோ 72,000ஐ வைத்தே கணக்கிடப்படும் என்பதால், அதற்கும் இப்போதே தொகை ஒதுக்குங்கள்.

பாங்சார், வணிகக் கல்வி மாணவர்: அண்ணா, இதற்கெல்லாம் காரணம் வங்கிக் கடன் தவணைதானே? அசல் லாபக் கணக்கில் வராது என்று படித்திருக்கிறேன்.

பாதி சரி, தம்பி. தவணையில் வட்டி மட்டுமே செலவாக எழுதப்படும். அசல் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகும், லாபத்தைக் குறைக்காது. வேன், இயந்திரம் வாங்கியவர்கள் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். ஆனால் மேலே கேட்ட சகோதரியிடம் வங்கிக் கடனே இல்லை, இருந்தும் மூன்றாம் மாதத்தில் பணம் தீர்ந்தது. தேய்மானத்தையும் மறக்காதீர்கள்: அது லாபத்தைக் குறைக்கும், ஆனால் அந்த ஆண்டு கையிலிருந்து எதுவும் போகாது. ஆகவே தவணையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

பினாங்கு லிட்டில் இந்தியா, சேலைக்கடை: நாங்கள் ரொக்கத்துக்கு மட்டுமே விற்கிறோம், கடன் கிடையாது. ஆகவே இந்தப் பிரச்சினை எங்களுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. உங்கள் பணம் வாடிக்கையாளரிடம் நிற்காமல் அலமாரியில் நிற்கிறது. தீபாவளிக்காக வாங்கிய சேலை விற்கும் வரை லாபக் கணக்கில் செலவாக வராது, கையிருப்பாகவே இருக்கும். பணமோ வாங்கியபோதே போய்விட்டது. தீபாவளி முடிந்த வாரத்தில் அலமாரியில் எஞ்சிய சேலைகளை வாங்கிய விலைக்கு எண்ணிப் பாருங்கள். அந்தத் தொகை ஒவ்வோர் ஆண்டும் கூடிக்கொண்டே போனால், லாபம் என்று நீங்கள் நினைப்பது துணியாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

செராஸ், துப்புரவுக் குத்தகை எடுப்பவர் (மீண்டும்): அதே அளவில் இன்னொரு கட்டடம் இந்த மாதமே தொடங்கச் சொல்கிறது. 62,000 இருக்கிறதே, எடுக்கலாமா?

அதே 60 நாள் நிபந்தனையில் என்றால் நான் எடுக்க மாட்டேன். முதல் கட்டடம் தவறாமல் மாதம் 6,000 மிச்சம் தந்தாலும், இரண்டாவது கட்டடம் மாதம் 44,000 விழுங்கும். முதல் மாத முடிவில் 24,000. இரண்டாம் மாத முடிவில் 14,000 பற்றாக்குறை. மூன்றாம் மாதச் சம்பள நாளில், புதியவரின் முதல் பணம் வருவதற்கு முன், 52,000 பற்றாக்குறை. அந்நேரம் பழையவரும் தாமதித்தால் 102,000 வெளியில் தேட வேண்டும். உங்கள் ஆண்டு லாபம் அப்போது 144,000 என்று காகிதத்தில் இருக்கும்.

புதியவரிடம் 30 நாளில் பணம் தரும் நிபந்தனையும், தொடக்கத்தில் 25,000 முன்பணமும் கேளுங்கள். இரண்டும் கிடைத்து, முன்பணத்தை முதல் பில்லிலேயே கழிக்காமல், பழையவரும் தாமதிக்காமல் இருந்தால் உங்கள் கையிருப்பு மிகக் குறையும் நாளில்கூட 11,000 எஞ்சும். இதற்காகப் பில்லில் மாதம் 500 விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தாலும் விட்டுக்கொடுங்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு கோடிட்ட நோட்டு போதும். பக்கத்தின் குறுக்கே பதின்மூன்று வாரங்களுக்குப் பதின்மூன்று கட்டங்கள் போடுங்கள். மேலே தொடக்க இருப்பு, நடுவே வரவு செலவு, கீழே மிச்சம். பில்லில் அச்சிட்ட தேதியை எழுதாதீர்கள், அந்த வாடிக்கையாளர் சென்ற மூன்று முறை உண்மையில் பணம் போட்ட தேதியைப் பார்த்து எழுதுங்கள். ஊழியர்களிடம் பிடித்த 11 விழுக்காடு ஈபிஎஃப்பும் உங்கள் பங்கும் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் போக வேண்டியவை. அந்த இரண்டு வாரம் அவை உங்கள் கணக்கில் இருப்பதால் உங்களுடையவை போலத் தெரியும். அந்தப் பணத்தில் சோப்பும் மருந்துத் திரவமும் வாங்கிவிட்டு 14ஆம் தேதி என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு.

பெட்டாலிங் ஜெயா, கணக்காளர்: நான் உடன்படவில்லை. இரண்டாவது கட்டடத்தை விட்டுவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது வருமோ? பில்களை நிதி நிறுவனத்திடம் கொடுத்து முன்கூட்டியே பணம் பெறலாமே.

பெறலாம், சிலருக்கு அது சரியாகவும் இருந்திருக்கிறது. ஆனால் செராஸ் சகோதரியின் லாபம் நூற்றுக்குப் பன்னிரண்டுதான். நிதி நிறுவனத்தின் கட்டணம் அதில் எவ்வளவு தின்னும், கட்டடத்துக்காரர் பணம் தராவிட்டால் பொறுப்பு யாருடையது என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் நான் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன். அவர் அந்தத் தாளைக் கொண்டு வந்தால் நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம். அதுவரை உங்கள் கருத்து தவறென்று சொல்ல என்னிடம் காரணமில்லை.

பட்டர்வொர்த், வயரிங் உபகுத்தகையாளர்: எனக்கு வேறு சிக்கல். மெயின் கான்ட்ராக்டர், தனக்குப் பணம் வந்தால்தான் எனக்குத் தருவேன் என்கிறார். ஒப்பந்தத்திலும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் செய்வது கட்டுமான வேலை என்பதால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. துப்புரவுச் சகோதரிக்கு அது கிடையாது. கட்டுமானத் துறைப் பணம் செலுத்துதல் மற்றும் தீர்ப்பளிப்புச் சட்டம் 2012, 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ளது. நீங்கள் சொல்லும் அந்த நிபந்தனை அதன் 35ஆம் பிரிவின்படி செல்லாது. எழுத்து வடிவ ஒப்பந்தம் இருந்தால் முறையான பணக் கோரிக்கையை அனுப்பலாம். பதில் தர அவருக்கு 10 வேலை நாட்கள் உண்டு. இத்துறை தெரிந்த வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தையும், வேலை முடிந்ததற்குக் கையெழுத்தான தாள்களையும் கொண்டு போங்கள். அந்தத் தொகையைப் பதின்மூன்று வாரக் கட்டத்தில் இப்போதைக்கு எழுத வேண்டாம்.