பத்து நிமிடத்தில் முருங்கைக்காய் சாம்பார், இரண்டு கேமராவில்: கேள்வி பதில்

பருப்பு வேகவே இருபது நிமிஷம் ஆகுது. பத்து நிமிஷ எபிசோடுக்குள்ள எப்படி முடிக்கிறது?

படப்பிடிப்புக்கு முன்பே பாதி சமையல் முடிந்திருக்க வேண்டும். ஊறிய பருப்பு, வேகவைத்து மசித்த பருப்பு, முடிந்த சாம்பார் என்று மூன்றையும் தனித்தனியாகத் தயாராக வையுங்கள். குக்கரை மூடுவதைக் காட்டியதும் மசித்த கிண்ணம் மேடைக்கு வந்துவிடும். புளி விட்டபின் காய் சீக்கிரம் வேகாது என்பதால், முருங்கைக்காயும் முக்கால் வேக்காட்டில் காத்திருக்கட்டும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: அறிமுகம் முக்கால் நிமிடம், பொருள்கள் ஒன்றேகால், புளி கொதித்துப் பருப்பு சேர்வது வரை ஐந்தரை, தாளிப்பு ஒன்று, பரிமாறி ருசிப்பது ஒன்றரை.

ரெண்டு கேமராவையும் எதிரெதிரா வச்சா எல்லாக் கோணமும் கிடைச்சிடும்தானே?

கோணம் கிடைக்கும், ஆனால் வெட்டி ஒட்டும்போது குழப்பும். திரையில் கரண்டி ஒரு ஷாட்டில் வலமிருந்தும் அடுத்ததில் இடமிருந்தும் வரும். இரண்டும் மேடைக்கு ஒரே பக்கம் இருக்கட்டும். முதலாவது நேர் எதிரே, இடுப்புக்கு மேல் தெரியும்படி. இரண்டாவது பக்கவாட்டில், சற்று உயரத்திலிருந்து பாத்திரத்தைப் பார்த்து. தலைக்கு மேலே தொங்கவிட்டால், கொதிக்கத் தொடங்கியதும் ஆவி லென்ஸில் படியும்.

எந்தக் கேமரா வாங்கலாம் சார்?

கேள்வி அதுவல்ல, இருந்தாலும் சொல்கிறேன்: இரண்டு மொபைலே போதும். இரண்டிலும் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். நம் ஊர் மின்விளக்குகள் திரையில் மினுக்காது. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். சிவந்த குழம்பு திரையை நிரப்பியதும் நிறத்தை அதுவே மாற்றிக்கொள்ளும். தொடக்கத்தில் இரண்டு கேமராவும் பார்க்க ஒரு கைத்தட்டு தட்டினால், எடிட்டிங்கில் ஒலியைப் பொருத்தச் சுலபம்.

அம்மாவுக்கு முழு ஸ்கிரிப்டும் எழுதிக் கொடுத்தேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி பேசுறாங்க.

தொடக்கம், முடிவு, அளவுகள் மட்டும் முழு வாக்கியமாக இருக்கட்டும். மற்ற இடங்களில் குறிப்பு போதும். ஒரு வரி இப்படி: ‘5:10, இரண்டாம் கேமரா, பருப்பு ஊற்றல், தீயைக் குறைக்கச் சொல்லவும்.’ பெருங்காயம் எப்போது போடுவது என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன!

கடுகு வெடிச்சப்போ கேமரா முகத்தில இருந்துச்சு. மறுபடி எப்படி எடுக்கிறது?

தாளிப்பை மட்டும் கடைசியில் தனியாக, அதே கரண்டியில், அதே வளையலோடு நெருக்கத்தில் எடுத்துச் சேருங்கள்.

நாங்க நேரலை சார், வெட்டவே மாட்டோம்.

அப்படியானால் தாளிப்பு தொடங்கும் முன்பே இரண்டாவது கேமரா கரண்டியில் நிற்க வேண்டும். முதல் கேமராவுக்குப் பின்னால் ஒருவர் மீதி நேரத்தை அட்டையில் காட்டட்டும். நேரம் போதாமல் போனால் எதை விடுவது என்பதை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். நானானால் பொருள்கள் பகுதியைக் குறைப்பேன். ருசி பார்ப்பதைக் குறைக்கலாம் என்பாரும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.