ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு யார் போனை எடுப்பார்கள்?

கேள்வி: மாரத்தானுக்கு ஆன்லைனில் பதிவு பண்ணுகிறேன். எமர்ஜென்சி காண்டாக்ட், மருத்துவ விவரம் எல்லாம் கேட்கிறார்கள். சுகர் இருக்கு என்று போட்டால் ஓட விடமாட்டார்களா? டி-ஷர்ட் சைஸ் எதைப் போடுவது?

"அதையெல்லாம் எழுதாதே, தள்ளிவிடுவான்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என் அத்தானும் இதையேதான் சொன்னார். நான் தக்கலைப் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன், டாக்டர் இல்லை. மருந்தை எப்படி மாற்றுவது என்று நான் சொல்லப்போவதில்லை, அதனால் யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

அத்தான் கல்ஃபில் இருந்து வந்த பிறகு ஓட ஆரம்பித்தவர். நாகர்கோவில் பக்கம் நடந்த ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு என் கடை கம்ப்யூட்டரில்தான் பதிவு செய்தோம். மருத்துவக் கட்டத்தில் அவர் Nil என்று அடித்தார். நான் அழித்துவிட்டு இப்படி அடித்தேன்: Diabetic. Tab Glimepiride 1 mg + Metformin 500 mg. No drug allergy. ஒன்றும் ஆகவில்லை, பணம் கட்டியதும் பதிவு உறுதி என்று மெயில் வந்தது. இதுபோன்ற சின்ன ஓட்டங்களில் அந்தக் கட்டத்தை வைத்து ஆளைக் கழிப்பதை நான் பார்த்ததில்லை. டாக்டர் சான்றிதழ் வேண்டுமென்றால் விதிமுறையிலேயே போட்டிருப்பார்கள். அதைவிட, கீழே 'எனக்கு உடல்நலக் குறை எதுவும் இல்லை' என்று ஒரு டிக் இருந்தால் நிதானமாகப் படித்துவிட்டு டிக் பண்ணுங்கள்.

மருந்தின் பெயரை ஏன் எழுத வேண்டும்? மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சுகர் ரொம்பக் கீழே போவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் ஓடினால் என்ன ஆகும்? அத்தான் அதைத்தான் செய்தார். ஏழாவது கிலோமீட்டர் தாண்டியதும் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறார். தன்னார்வலப் பையன்கள் வெயில் மயக்கம் என்று நினைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸில் இருந்த நர்ஸ் நெஞ்சில் குத்தியிருந்த பிப் எண்ணைத் திருப்பிப் பார்த்தார். அந்தத் தாளின் பின்பக்கம் பெயர், தொடர்பு எண், மருத்துவக் குறிப்பு எழுத இடம் விட்டிருப்பார்கள். ஆன்லைனில் நாம் அடித்தது பதிவு நடத்துகிறவனின் கம்ப்யூட்டரில்தான் கிடக்கும், ரோட்டில் நிற்பவருக்கு அது தெரியாது. அதனால் அதே வரியை பால்பாயின்ட் பேனாவால் பின்பக்கமும் எழுத வைத்திருந்தேன். ஜெல் பேனா வேர்வையில் கரைந்துவிடும். நர்ஸ் உடனே விரலில் குத்திப் பார்த்தபோது சுகர் 54. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவுதான். விழுங்கும் நிலையில் இருந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார். இந்த மாத்திரையில் சுகர் ஏறிய பிறகும் திரும்ப இறங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை வைத்திருந்தார்கள்.

அக்காவுக்கு போன் போட்டிருக்கிறார்கள், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் இருந்தாள், போன் சைலண்டில் பைக்குள். பின்பக்கத்தில் இரண்டாவதாக என் எண் இருந்ததால் எனக்கு வந்தது. நம் மாவட்டத்தில் இதை யோசிக்கத்தான் வேண்டும்: அம்மா கோயிலிலோ சர்ச்சிலோ இருப்பார், மகன் துபாயில் தூங்கிக்கொண்டிருப்பான், கூட ஓடுகிற நண்பரின் போன் பேக் கவுன்ட்டரில் கிடக்கும். அந்த நேரத்தில் எடுக்கிற ஆளாக, நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தவராகப் போடுங்கள். சிலர் தன் எண்ணையே போட்டு வைக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல.

ரத்த வகையை நினைவில்லாமல் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். ஆஸ்பத்திரியில் எப்படியும் பரிசோதித்துவிட்டுத்தான் ரத்தம் ஏற்றுவார்கள். அதைவிட ஒத்துக்கொள்ளாத மருந்து, ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுகிற மாத்திரை இவைதான் தேவை.

ஓட்டத்துக்கு முந்தின நாள் கடைக்கு வந்து "வலி வராம இருக்க டைக்ளோஃபினாக் தாங்க அண்ணாச்சி" என்று கேட்பவர்களும் உண்டு. சீட்டு இல்லாமல் தரமாட்டேன், நீர் வற்றிய உடம்பில் அது கிட்னியைப் படுத்தும் என்றால், "ஆன்லைன்ல இருபது சதவீதம் தள்ளுபடியில கிடைக்கு" என்கிறார்கள். கடை வாடகையை ஆன்லைன்காரனா கட்டுகிறான்?

சரி, டி-ஷர்ட். L, XL என்ற எழுத்தை நம்பாதீர்கள், சைஸ் சார்ட்டைத் திறந்து அங்குலத்தைப் பாருங்கள். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 21 வந்தால் 42. சார்ட்டில் உள்ளது துணியின் அளவென்றால் அதே 42. உடம்பின் நெஞ்சளவு என்று போட்டிருந்தால் உங்கள் நெஞ்சில் டேப் சுற்றி அளந்து போடுங்கள். அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் நின்றால் பெரியதை எடுங்கள், பாலியஸ்டர் வேர்வையில் ஒட்டும். பதிவு முடிந்ததும் அச்சுக்கு எண்ணிக்கை போய்விடும், பிப் வாங்கும் இடத்தில் மாற்றித் தரச் சொல்லி நின்றால் "ஸ்டாக் இல்ல சார்" என்பார்கள். அத்தானுக்கு வந்தது இப்போது என் அக்கா மகன் போட்டுத் திரிகிறான்.