துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் ஆபீஸ் அட்டை எழுதுவது எப்படி? – கேள்வி பதில்

கோலாலம்பூரில் ஒரே அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் 22 வருடம். யார் வீட்டில் சாவு, யாருக்குப் பதவி உயர்வு என்றாலும் அட்டை என் மேசைக்குத்தான் முதலில் வரும். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரும்பாலான கேள்விகள் இரங்கலைப் பற்றித்தான் வந்திருக்கின்றன. அதுதான் கஷ்டமும்கூட.

சிகாம்புட், கணக்குப் பிரிவு: அக்கா, எங்கள் பிரிவு அண்ணனின் அப்பா தவறிட்டார். நான் எழுதினது இது: "தங்கள் தந்தையாரின் திடீர் மறைவுச் செய்தி கேட்டு ஆழ்ந்த அதிர்ச்சி அடைந்தோம். காலம் எல்லாக் காயத்தையும் ஆற்றும். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம். எந்த உதவி தேவைப்பட்டாலும் தயங்காமல் கேட்கவும்." சரியா? அப்பாவுக்கு 81 வயசு, மூணு வருஷமா டயாலிசிஸ். செவ்வாய், வியாழன் ஆனால் அண்ணன் 3 மணிக்கே அவரைக் கூட்டிப்போகக் கிளம்பிடுவார். திங்கட்கிழமை வேலைக்கு வர்றார், மாதக் கணக்கு முடிக்கிற வாரம் வேற.

அட்டையில் இருக்க வேண்டியதையெல்லாம் அட்டைக்கு வெளியே எனக்கு எழுதியிருக்கிறீர்கள் தம்பி. 3 மணிக்குக் கிளம்புவார் என்ற அந்த ஒரு வரி போதும்.

முதலில் "திடீர்", "அதிர்ச்சி" இரண்டையும் எடுங்கள். மூன்று வருடம் படுத்து எழுந்த மனிதர். அந்தச் சொற்களைப் பார்த்ததும், இது எங்கிருந்தோ நகல் எடுத்தது என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடும். "காலம் ஆற்றும்" என்பதை அவரே ஒரு நாள் சொல்லட்டும், நாம் முந்திக்கொள்ள வேண்டாம். "அன்னார்" நாளிதழ் மரண அறிவித்தலுக்கு உரிய சொல், பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஒட்டாது. கடைசி வரிதான் பெரிய தொல்லை. எதை, யாரிடம், எப்போது கேட்பது என்று யோசிக்கிற வேலையையும் அவர் தலையிலேயே வைக்கிறது. யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு வேலையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"அண்ணே, அப்பா தவறிய செய்தி கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. மூன்று வருடமாகச் செவ்வாயும் வியாழனும் 3 மணிக்கு நீங்கள் மேசையை ஒதுக்கிவிட்டு அவரைக் கூட்டிப்போகக் கிளம்பியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். இந்த மாத வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை நாங்கள் முடித்து வைக்கிறோம், நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். கருமாதி வரை சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தால் கிளம்புங்கள், மேனேஜருக்குத் தெரியும்."

நாலே வாக்கியம். இதில் டயாலிசிஸ் என்ற சொல் இல்லை, கவனித்தீர்களா? 3 மணிக்குக் கிளம்பியது உங்கள் நாற்காலியிலிருந்து பார்த்தது. ஆஸ்பத்திரிக்குள் நடந்தது அவர் குடும்பத்து விஷயம். எவ்வளவு நெருக்கமாக எழுதலாம் என்ற குழப்பம் வரும்போதெல்லாம் நான் வைத்துக்கொள்ளும் கோடு இதுதான். "உங்களைப் போல் பிள்ளை கிடைக்க அவர் கொடுத்து வைத்தவர்" என்றும் எழுதாதீர்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் வீட்டில் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது.

கடைசி வரியை எழுதுமுன் மேனேஜரிடம் உண்மையிலேயே பேசிவிடுங்கள். நம் வேலைச் சட்டம் 1955-இல் இறப்பு விடுப்பு என்று தனியாக எதுவும் இல்லை. கம்பெனி கொடுப்பதுதான், அது பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். பதினாறாம் நாள் வரும்போது அவர் வேலையில் உட்கார்ந்திருப்பார். அட்டையில் அனுமதி கொடுத்துவிட்டு மேனேஜர் முறைத்தால் எழுதாமலே இருந்திருக்கலாம்.

செந்தூல், மேற்பார்வையாளர்: இதற்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா? மலாய்க்காரர் வீட்டுச் சாவு என்றால் எல்லாரும் வாட்சாப் குழுவில் "அல்ஃபாத்திஹா" என்று போடுவார்கள், நானும் அதையே போடுவேன். வேலை முடிஞ்சது.

பாதி சரி சார். வேகம் சரிதான். அவர்கள் வழக்கத்தில் அடக்கம் அன்றே அல்லது மறுநாளே முடிந்துவிடும். நாம் அட்டை வாங்கிக் கையெழுத்துச் சேர்ப்பதற்குள் எல்லாம் ஆகியிருக்கும். அதனால் செய்தி முதலில், அட்டை பிறகு என்பது நல்ல வழி.

ஆனால் அல்ஃபாத்திஹா என்று போடுவது, இறந்தவருக்காக அந்த அத்தியாயத்தை ஓதுங்கள் என்று முஸ்லிம்கள் தங்களுக்குள் அழைப்பது. ஓதப்போகாத நாம் அதை எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் பிறர் வசனத்தைப் பேசியது போலிருக்கும். "சலாம் தக்ஸியா" என்று தொடங்கி, குடும்பத்தாரையும் சேர்த்து ஒரு வரி எழுதினால் நமக்கும் அவருக்கும் பொருந்தும். ஆர்.ஐ.பி. என்ற மூன்று எழுத்து மட்டும் யாருக்குமே வேண்டாம். ஒருவரின் அம்மாவுக்கு மூன்று எழுத்துத்தானா?

இதில் இன்னொன்று. சுற்றறிக்கையை மலாயில் தயாரிப்பவர்கள் பழைய கோப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவார்கள். காலமான முஸ்லிமுக்கு "அல்லாயர்ஹாம்", "அல்லாயர்ஹாமா". மற்றவர்களுக்கு "மெண்டியாங்". நம் ஆள் ஒருவரின் பெயருக்கு முன்னால் முதல் சொல் வந்துவிட்டால் குடும்பம் அதை மறக்காது. நான் சிரிக்கவில்லை. வேறொரு அலுவலகத்தில் இருந்தபோது நானே பழைய அட்டையைப் பார்த்து எழுதி, அம்மாவை இழந்தவருக்கு "தந்தை" என்று போட்டுக் கொடுத்தவள். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து உறையை ஒட்டுமுன் உறவுமுறையை விரல் வைத்துப் படிக்கிறேன்.

பினாங்கு, ஜெலுத்தோங்: நான் தமிழ் முஸ்லிம். என் டீமில் உள்ளவர்கள் "ஆன்மா சாந்தியடைய பிரார்த்திக்கிறோம்" என்று எழுதித் தந்தார்கள். அன்போடு தந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம்.

இதை எழுதியதற்கு நன்றி பாய். பெயரையும் மொழியையும் பார்த்து, தமிழ் என்றால் ஒரே வாசகம் என்று முடிவு செய்துவிடுகிறோம். "சிவபதம் அடைந்தார்" ஒரு வீட்டுக்கு, "கர்த்தருக்குள் நித்திரை" இன்னொரு வீட்டுக்கு. சமயம் உறுதியாகத் தெரியாவிட்டால் ஆன்மா போகும் இடத்தைப் பற்றி எழுதாமல் விடலாம். இறந்தவரைப் பற்றி ஒரு வரி, இருப்பவருக்கு ஒரு வரி. சமயமே வராது, குறையாகவும் தெரியாது.

பிறை, தொழிற்சாலை: சீனத் தோழியின் மாமியார் இறந்துட்டாங்க. வெள்ளை உறையில் எவ்வளவு வைக்கணும்? 101 வெள்ளி வைக்கலாமா?

கேள்வி அட்டையைப் பற்றியது அல்ல, பரவாயில்லை. உறை வெள்ளை, தொகை ஒற்றைப்படை என்பது அவர்கள் வழக்கம். 101 ஒற்றைப்படைதான், வைக்கலாம். நம் கல்யாண மொய்யில் அந்த ஒரு வெள்ளி வளர்வதற்கு. அங்கே இரட்டை கூடாது என்பதற்கு. காரணம் வேறு, கணக்கு ஒன்று. சிவப்பு எங்கேயும் வேண்டாம், சிவப்பு மையில்கூட எழுதாதீர்கள். உறைக்குள் ஒரு சின்னத் தாளில் அவர் பெயரைப் போட்டு ஒரு வரி இருக்கட்டும்.

பங்சார்: நானும் விண்ணப்பித்த பதவி பக்கத்துச் சீட்டுக்காரிக்குக் கிடைச்சிருக்கு. எல்லாரும் வாழ்த்தறாங்க. நான் எழுதினால் பொய்யாகிடும், எழுதாவிட்டால் பொறாமைன்னு ஆகிடும்.

சந்தோஷப்படுகிறேன் என்று எழுத வேண்டாம். வாழ்த்து சொல்ல அந்தச் சொல் தேவையில்லை. அவர் செய்ததில் நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஒன்று இருக்குமே, அதை எழுதுங்கள். "வாழ்த்துகள். போன வருடத் தணிக்கையில் காணாமல் போன இன்வாய்ஸ்களை நீங்கள் தேடிக் கண்டுபிடித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புதிய பொறுப்பில் மாத அறிக்கையை எந்தத் தேதிக்கு எதிர்பார்ப்பீர்கள் என்று சொன்னால் அதற்கேற்பத் தயார் செய்கிறேன்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கடைசி வரி, அவரை மேலதிகாரியாக ஏற்றுக்கொண்டீர்கள் என்று தானாகச் சொல்லிவிடும். "நானும் விண்ணப்பித்தேன், பரவாயில்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்புறம் அவர் உங்களைத் தேற்ற வேண்டிவரும். அறிவிப்பு வந்த அன்றே கொடுங்கள், மூன்றாம் நாள் என்றால் மூன்று நாள் யோசித்தீர்கள் என்று அர்த்தம்.

செராஸ்: ஒரே வாரத்தில் ஒருத்தருக்கு அம்மா தவறி, பதவி உயர்வுக் கடிதமும் வந்திருக்கு. இரண்டையும் ஒரே அட்டையில் சொல்லலாமா?

ஒரே அட்டையில் கூடாது. அதுவரை உறுதி. வாழ்த்தைப் பதினாறு முடிந்த பிறகு கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் என் தோழி ஒருத்தி, அவளுக்கு அப்படி நடந்தபோது, "எல்லாரும் சாவைப் பற்றியே பேசினார்கள், அம்மா இருந்திருந்தால் முதலில் கேட்டிருப்பது இந்த வேலையைத்தான்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் இதில் நிச்சயம் இல்லை. அவரே வேலைப் பேச்சை எடுத்தால் வாயால் மெதுவாகச் சொல்லுங்கள், காகிதம் வேண்டாம்.

பத்துமலை: கூட வேலை செய்றவர் வீட்டில் சாவு நடந்து ஒன்றரை மாசம் ஆச்சு. அப்போ மெடிக்கல் லீவில் இருந்தேன், எதுவும் எழுதலை. இப்போ எழுதினால் ஆறின புண்ணைக் கிளறியது போலாகாதா?

எழுதுங்கள். எல்லாரும் விசாரித்து ஓய்ந்த பிறகு வரும் கடிதத்தை மனிதர் நிதானமாகப் படிப்பார். தாமதத்துக்கு அரை வரி போதும், உங்கள் நோயைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் கடிதம் உங்களைப் பற்றியதாகிவிடும். "எப்படி நடந்தது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கதையை அவர் ஐம்பது பேருக்குச் சொல்லி முடித்திருப்பார்.

சிகாம்புட், கணக்குப் பிரிவு, மறுபடியும்: அக்கா, நீங்க சொன்னபடியே கொடுத்தேன். வாங்கிட்டுப் போனார். ஒரு வாரமாச்சு, ஒரு வார்த்தையும் சொல்லலை. மேசையிலும் அட்டையைக் காணோம். தப்பா எழுதிட்டேனா?

பதில் எதிர்பார்க்காதீர்கள் தம்பி. துக்க வீட்டில் கிளம்பும்போது போயிட்டு வரேன் என்றும் சொல்வதில்லை, வந்தவர்களுக்கு நன்றியும் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் ஆபீஸிலும் தொடரும். வங்கிச் சரிபார்ப்பில் அவர் கையெழுத்துப் போட்டாரா என்று பாருங்கள். அட்டை காணோம் என்பதற்கும் காரணம் இருக்கலாம். எங்கள் வீட்டில் சாவுக் கடிதம் வந்தால் பாட்டி யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வீட்டுக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே கிழித்துவிடுவார். அண்ணன் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டி இருக்கலாம். கிழித்திருந்தாலும் படித்துவிட்டுத்தான் கிழித்திருப்பார்கள்.