பட்டம் இல்லாத டெவலப்பரின் புரொஃபைல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டேன். நானாகவே வெப் டெவலப்மென்ட் கற்றுக்கொண்டு, எங்கள் ஊரில் மூன்று மருந்துக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிட்ஹப்பில் 23 புராஜெக்ட் வைத்திருந்தும் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. (வாசகர், ஈரோடு)

பதில்: அந்த 23-இல் உங்கள் மருந்துக்கடை மென்பொருள் புதைந்து போயிருக்கும். முதலில் அதை வெளியே எடுங்கள். புரொஃபைலின் முகப்பில் ஆறு புராஜெக்ட் வரை பின் செய்ய கிட்ஹப் இடம் தருகிறது. ஆறையும் நிரப்ப வேண்டியதில்லை, இரண்டு போதும். கால்குலேட்டர், டூ-டூ லிஸ்ட், வானிலை ஆப் எல்லாம் யூடியூப் பாடத்தைப் பார்த்துச் செய்தவை என்பது பார்க்கிறவருக்கு உடனே தெரியும். அவற்றை பிரைவேட் ஆக்கிவிடலாம்.

பட்டதாரி ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை, சரியோ தவறோ, கல்லூரியின் பெயரை வைத்துப் பாதி நம்பிவிடுகிறார்கள். உங்களிடம் அது இல்லை. அதனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும், உங்களைத் தெரியாத ஒருவர் இரண்டு நிமிடத்தில் தானே சரிபார்க்க முடிய வேண்டும். "பில்லிங் சாப்ட்வேர் செய்துள்ளேன்" என்ற வரியில் சரிபார்க்க ஒன்றுமே இல்லை.

`README.md` கோப்பின் முதல் இரண்டு வரிகளில், யார் பயன்படுத்துகிறார்கள், எப்போதிலிருந்து, எந்தச் சிக்கல் தீர்ந்தது என்று சொல்லுங்கள். அதன் கீழே ஒரு ஸ்கிரீன்ஷாட். பிறகு, நீங்கள் எடுத்த ஒரு முடிவையும் அதன் காரணத்தையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். உங்கள் புராஜெக்டிலேயே நல்ல விஷயம் இருக்கிறது. ஒரே மாத்திரை இரண்டு பேட்ச்களில் வரும். காலாவதித் தேதி வேறு, எம்.ஆர்.பி.யும் வேறாக இருக்கலாம். அதனால் இருப்பை மருந்து வாரியாக வைத்தால் கணக்கு உதைக்கும், பேட்ச் வாரியாகத்தான் வைக்க வேண்டும். விற்கும்போது சீக்கிரம் காலாவதியாகும் பேட்ச் முதலில் கழிய வேண்டும். பில்லைப் பதிவதும் இருப்பைக் குறைப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நடக்காவிட்டால், நடுவில் மின்சாரம் போனதும் பில் இருக்கும், இருப்பு குறைந்திருக்காது. இதை எழுதியவர் கடையில் நின்று வேலை பார்த்தவர் என்பது படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். நேர்காணலிலும் கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும். அது உங்களுக்குத் தெரிந்த இடம்.

டெமோ லிங்க் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரெண்டர் போன்ற தளங்களின் இலவசத் திட்டத்தில், 15 நிமிடம் யாரும் வராவிட்டால் சர்வர் தூங்கிவிடும். அடுத்து வருபவர் அது எழுந்திருக்க ஒரு நிமிடம் வரை காத்திருக்க நேரும். பெரும்பாலானவர்கள் காத்திருக்க மாட்டார்கள், லிங்க் வேலை செய்யவில்லை என்றே நினைப்பார்கள். எனவே லிங்க்குக்குப் பக்கத்திலேயே ஒரு நிமிட வீடியோவையும் வையுங்கள். டெமோவுக்குள் நுழைய ஒரு சோதனைக் கணக்கும் தேவை. கடையின் உண்மையான பில்கள், நோயாளிகளின் பெயர்கள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. மென்பொருளின் கோட்-ஐ வெளியிடக் கடைக்காரரின் சம்மதமும் வேண்டும். அவர் மறுத்தால், பேட்ச் கணக்குப் பகுதியை மட்டும் கற்பனைத் தரவோடு புதிதாக எழுதி வையுங்கள்.

பொதுவில் திறப்பதற்கு முன் `.env` கோப்பு எப்போதாவது கமிட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்:

```
git log --all --oneline -- .env
```

ஏதாவது வரி வந்தால், இப்போது கோப்பை அழிப்பதால் பயனில்லை. பழைய கமிட்டில் பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும். அந்த பாஸ்வேர்டையும் ஏபிஐ கீயையும் உடனே மாற்றுங்கள். இந்தத் தவறைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒதுக்கினால் அது நியாயமான காரணம்தான்.

கடைசியாக லிங்க்ட்இன் தலைப்பு வரி. அதில் 220 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் தேடல் பட்டியலில் தொடக்கம் மட்டுமே தெரியும். ஆளெடுப்பவர்கள் பதவிப் பெயரையும் தொழில்நுட்பத்தையும் வைத்துத்தான் தேடுகிறார்கள். "ஆர்வமுள்ள", "சுயமாகக் கற்ற" என்று யாரும் தேடுவதில்லை. இப்படி வையுங்கள்:

```
Backend Developer | Node.js, PostgreSQL | Billing and inventory systems
```

கேள்வி: தினமும் கோட் எழுதுகிறேன். கிட்ஹப்பின் பச்சைக் கட்டங்கள் மட்டும் காலியாகவே இருக்கின்றன. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரிதான் காரணம். உங்கள் கணினியில் உள்ள கிட் ஒரு முகவரியோடு கமிட் செய்கிறது, கிட்ஹப் கணக்கில் இருப்பது வேறு முகவரி. எந்தெந்த முகவரியில் கமிட் ஆகியிருக்கிறது என்பதை இது காட்டும்:

```
git log --format='%ae' | sort -u
```

வருகிற முகவரி உங்களுடையதுதான் என்றால், கிட்ஹப்பில் Settings → Emails பகுதியில் அதைச் சேர்த்து உறுதிப்படுத்துங்கள். பழைய கமிட்டுகளும் உங்கள் கணக்கில் வந்து சேரும். முகவரி சரியாக இருந்தும் கட்டம் காலி என்றால், நீங்கள் தனி பிராஞ்சிலோ ஃபோர்க்கிலோ வேலை செய்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே போடும் கமிட்டுகள் மூலப் புராஜெக்டின் முதன்மை பிராஞ்சில் சேரும்வரை கட்டங்களில் எண்ணப்படாது. கட்டங்களைப் பச்சையாக்குவதற்காகவே தினம் ஒரு வெற்றுக் கமிட் போடாதீர்கள். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: லிங்க்ட்இன்னில் கல்விப் பகுதியைக் காலியாக விடலாமா? பாதியில் விட்ட படிப்பைப் போட்டால் பொய்யாகிவிடுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கல்லூரியின் பெயரைப் போடலாம், படித்த ஆண்டுகளையும் போடலாம். விளக்கத்தில் "இரண்டு ஆண்டுகள் முடித்தேன், பட்டம் பெறவில்லை" என்று தெளிவாக எழுதுங்கள். பட்டம் என்ற கட்டத்தில் மட்டும் எதையும் நிரப்பாதீர்கள். அங்கே "பி.எஸ்சி." என்று இருந்து, கீழே விளக்கம் இல்லையென்றால், பார்ப்பவர் முடித்ததாகவே எடுத்துக்கொள்வார். பின்னணிச் சரிபார்ப்பில் பல்கலைக்கழகத்திடமே கேட்பார்கள். வேலையில் சேர்ந்து மாதங்கள் கழித்து இது வெளிவந்தாலும் வேலை போகலாம். அனுபவப் பகுதியை மேலே நன்றாக எழுதியிருந்தால், கல்வியில் இருக்கும் ஒரு வரி யாரையும் உறுத்தாது.

கேள்வி: 14 ஆன்லைன் சான்றிதழ்கள் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் காட்டலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வீடியோ பார்த்து முடித்ததற்குத் தரும் சான்றிதழ்களை எடுத்துவிடுங்கள். கண்காணிப்போடு தேர்வு வைத்துத் தருபவற்றை மட்டும் வையுங்கள். ஏ.டபிள்யூ.எஸ். தேர்வுகள் அப்படிப்பட்டவை. ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. இன்னும் கடினம், அதில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் இல்லை, சிஸ்டத்தில் வேலையைச் செய்துகாட்ட வேண்டும். இரண்டுக்கும் பட்டம் தேவையில்லை. இரண்டும் மூன்று ஆண்டுதான் செல்லும், ஆகவே காலாவதியானதை வைத்திருக்காதீர்கள். பிடிஎஃப் கோப்பை விட, சரிபார்க்கும் லிங்க்கைக் கொடுப்பதே முக்கியம்.

கேள்வி: மூன்று வருடமாக ஃப்ரீலான்ஸ். ரிலீவிங் லெட்டர் கிடையாது. அனுபவம் என்று எதை எழுதுவது, கேட்டால் எதைக் காட்டுவது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மூன்று வருடத்தையும் ஒரே பதிவாக, "ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பர்" என்று தொடக்க மாதத்தோடு போட்டு, அதற்குள் வாடிக்கையாளர்களை அடுக்குங்கள். ஒவ்வொரு வேலையையும் தனிப் பதிவாக்கினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேலை மாறியவர் போலத் தெரியும். ரகசிய ஒப்பந்தம் இருந்தால் பெயரை விட்டுவிட்டு "கோவையில் ஒரு பம்ப் உற்பத்தியாளர்" என்று எழுதலாம்.

சான்றாக இன்வாய்ஸ், அந்தத் தொகை வந்த வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி ரிட்டர்ன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வாடிக்கையாளர் டி.டி.எஸ். பிடித்திருந்தால் இன்னும் வலு, ஏனென்றால் அவர் பணம் தந்தது வரித்துறைப் பதிவிலேயே இருக்கும். பணம் முழுவதையும் ரொக்கமாக வாங்கி, ரிட்டர்னும் போடாமல் இருந்தால், பின்னணிச் சரிபார்ப்பில் அந்த ஆண்டுகளை நிரூபிப்பது கடினம்.

லிங்க்ட்இன்னில் பரிந்துரை கேட்கும்போது "ஏதாவது எழுதுங்கள்" என்று விட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் "கடின உழைப்பாளி" என்றுதான் வரும். "ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்க முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள்" என்று கேளுங்கள்.

கேள்வி: பட்டம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு இந்த புரொஃபைல் உதவுமா? (வாசகர், திருச்சி)

பதில்: நிறுவனம் ஒப்புக்கொண்டாலும் விசா தடுக்கலாம். அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு ஈடானதோ வேண்டும். அங்கே மூன்று ஆண்டு வேலை அனுபவத்தை ஓர் ஆண்டு கல்லூரிப் படிப்பாகக் கணக்கிடும் முறை இருக்கிறது, அப்படியானால் நான்காண்டுப் படிப்புக்கு 12 ஆண்டு அனுபவம் ஆகும். ஜெர்மனி 2023 நவம்பரிலிருந்து, ஐ.டி. துறையினருக்கு மட்டும் பட்டம் இல்லாமலும் புளூ கார்டு தருகிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் பட்டதாரி நிலைக்கு இணையான வேலையில் மூன்று ஆண்டு அனுபவமும், விதித்த அளவுக்குச் சம்பளமும் இருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளைக் காட்ட, கோவை வாசகிக்குச் சொன்ன அதே ஆவணங்களை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.