ஆண்டீஸில் எரிமலை, இமயத்தில் இல்லை: காரணம் தண்ணீர்

கேள்வி: பூமியின் மேற்பரப்பைத் தாங்கும் பாறைத் தட்டுகள் மோதினால் எரிமலை வரும் என்கிறார்கள். ஆண்டீஸ் முழுக்க எரிமலை இருக்கிறதே, இமயமலையில் மட்டும் ஏன் ஒன்றுகூட இல்லை?

பள்ளிப் படங்களில் நிலத்துக்கு அடியில் சிவப்பாகக் கொதிக்கும் குழம்புக் கடலைப் பார்த்திருப்பீர்கள். கேள்வி அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் படத்தை இன்னும் திருத்தாமல் வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் திடப் பாறை. கடும் சூட்டில் மிக மெதுவாக நகரும், அவ்வளவுதான். எனவே எரிமலை வேண்டுமென்றால் முதலில் அந்தப் பாறையை ஏதாவது ஒன்று உருக்க வேண்டும்.

ஆண்டீஸில் அதைச் செய்வது தண்ணீர். பசிபிக்கின் அடியில் இருக்கும் நாஸ்கா தட்டு ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. வேகத்தில் தென் அமெரிக்காவுக்குக் கீழே இறங்குகிறது. தட்டு வளைந்து இறங்கும் இடத்தில் கடல்தரையில் விழும் பள்ளம்தான் அகழி. சிலிக் கரையோரம் அதன் ஆழம் 8,000 மீட்டர். கிழக்கே 300 கி.மீ. போனால் யுயாயாக்கோ எரிமலை 6,739 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அகழியில் இறங்கிய பாறை எரிமலைக்கு நேர்கீழே சுமார் 100 கி.மீ. ஆழத்தை அடைய ஏறக்குறைய 45 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பாறை அது. விரிசல் வழியாக இறங்கிய கடல்நீர் கனிமங்களுக்குள்ளேயே பூட்டிக்கொண்டிருக்கும். ஆழத்தில் அழுத்தமும் சூடும் ஏறும்போது அந்தக் கனிமங்கள் சிதைந்து, நீர் வெளியேறி மேலே இருக்கும் கவசப் பாறைக்குள் புகும். குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் கல்லுப்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு பட்டால் ஐஸ் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே உருகும். பாறைக்கு நீர் செய்வதும் அதையேதான். அந்த ஆழத்தில் உலர்ந்த கவசப் பாறை உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். நீர் சேர்ந்தால் 1,000 டிகிரிக்கு அருகிலேயே உருகத் தொடங்கும். உராய்வுச் சூட்டில் தட்டே உருகுகிறது என்று எழுதுபவர்கள் உண்டு. சில இடங்களில் தட்டின் ஒரு பகுதியும் உருகும், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டீஸ் எரிமலைகளின் தொடக்கம் பெரும்பாலும் மேலே சொன்னதுதான்.

“தட்டு கீழே இறங்கியும் பெருவின் வடபாதியில் எரிமலை இல்லையே” என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே தட்டு சுமார் 100 கி.மீ. ஆழத்தில் செங்குத்தாகச் சரியாமல் கிட்டத்தட்ட படுக்கையாகவே நகர்கிறது. இடையில் நீர் புகுந்து உருக்குவதற்குச் சூடான கவசப் பாறையே இல்லை. நிலநடுக்கங்கள் எந்த ஆழத்தில் பிறக்கின்றன என்று குறித்துக்கொண்டே போனால் தட்டின் இந்தப் படுக்கை அப்படியே தெரியும்.

இனி இமயம். இந்தியாவுக்கு வடக்கே டெதிஸ் கடல் இருந்தவரை அங்கும் ஆண்டீஸ் கதைதான் நடந்தது. லே நகரைச் சுற்றியுள்ள சாம்பல் நிறக் கருங்கல்லை உடைத்துப் பாருங்கள். வெள்ளைப் பரப்பில் தெறித்திருக்கும் கரும்புள்ளிகள் ஹார்ன்பிளெண்ட், பயோட்டைட் என்ற கனிமங்கள். இரண்டுமே தம் அமைப்புக்குள் நீரை வைத்திருப்பவை. அன்றைய எரிமலைகளுக்கு அடியில் உறைந்துபோன குழம்பு அது.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்தரை தீர்ந்து, இந்தியக் கண்டமே வந்து முட்டியது. கண்டப் பாறையின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறக்குறைய 2.7 கிராம், கவசத்தின் அடர்த்தி 3.3 கிராம். ஆகவே அது கடல்தரையைப் போல எளிதில் மூழ்காது. முன்விளிம்பு ஓரளவு உள்ளே போனாலும், மீதி சீவல் சீவலாக உரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. மேலோடு இப்படி 70 கி.மீ. வரை தடித்ததால்தான் இமயம் எழுந்தது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பதும் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். நீரைச் சுமந்து இறங்கும் கடல்தரை இல்லை, எனவே எரிமலையும் இல்லை. தடித்த மேலோட்டின் உள்ளே கொஞ்சம் பாறை உருகியது உண்மை. ஆனால் அந்தக் குழம்பு எளிதில் ஓடாத அளவுக்குப் பிசுபிசுப்பானது. மேலே வராமல் உள்ளேயே கருங்கல்லாக உறைந்துவிட்டது. அகழியைப் போன்ற ஒரு பள்ளம் இங்கும் உண்டு. மலையின் பாரத்தில் இந்தியத் தட்டு வளைந்த பள்ளத்தை ஆறுகள் வண்டலால் நிரப்பிவிட்டன, அதைத்தான் கங்கைச் சமவெளி என்கிறோம்.

சந்தேகம் இருந்தால் இந்தியத் தட்டின் கிழக்கு ஓரத்தைப் பாருங்கள். அந்தமானுக்கு மேற்கே அகழியில் இறங்குவது நீர் ஊறிய கடல்தரை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கமும் சுனாமியும் அந்த எல்லையில் பிறந்தவைதான். அகழிக்குக் கிழக்கே பாரன் தீவு எரிமலை 1991-இல் விழித்து, இன்றும் விட்டுவிட்டுக் குமுறுகிறது.