ஜல்லிக்கட்டுச் சட்டமும் 254-ஆவது பிரிவும்

"பொதுப் பட்டியலில் மோதல் வந்தால் மத்திய சட்டமே செல்லும் என்று படித்தேன். அப்புறம் ஜல்லிக்கட்டுச் சட்டம் எப்படி நிற்கிறது?"

நீங்கள் படித்தது அரசியலமைப்பின் 254(1). அடுத்த உட்பிரிவையும் சேர்த்துப் படியுங்கள், விடை அங்கேதான் இருக்கிறது.

விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியலின் 17-ஆவது இனம். அதில் நாடாளுமன்றத்தின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு 2009-இல் தனியாக ஒரு ஜல்லிக்கட்டுச் சட்டம் இயற்றியது. ஆனால் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கவில்லை. மத்திய சட்டத்துக்கு முரண் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

2017-இல் வழியை மாற்றினார்கள். மத்திய சட்டத்துக்கே மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றார்கள். 254(2)-இன்படி அப்படி ஒப்புதல் பெற்ற சட்டம், முரண் இருந்தாலும் அந்த மாநில எல்லைக்குள் மேலோங்கும். 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லும் என்றது.

என்னைக் கேட்டால் தேர்வில் பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த வரியில்தான். அந்த ஒப்புதல் நிரந்தரக் கவசம் அல்ல. நாடாளுமன்றம் நாளை அதே பொருளில் புதுச் சட்டம் இயற்றி, மாநிலச் சட்டத்தைத் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். அதே 254(2)-இன் காப்புரையில் இது இருக்கிறது.